ஃபிலிம் கிரெயின், ப்ளூம் எல்லாம் அணைத்தால் எஃப்.பி.எஸ். ஏறுமா, இல்லை படம் மட்டும் தெளியுமா?

சிப்புட்_குமார் · 07.06.2024, இரவு 10:41

பழைய நாலாம் தலைமுறை ஐ5, ஜி.டி.எக்ஸ். 1050 டிஐ, 24 அங்குல 1080பி மானிட்டர். ஈப்போவில் இரண்டாம் கையாக வாங்கியது. ஒரு துப்பறியும் கேம் ஆடுகிறேன், அன்ரியல் 4-இல் செய்தது. எப்போதும் இரவு, எப்போதும் மழை. கடைப் பெயர்ப் பலகைகளைப் படித்துத்தான் அடுத்த இடத்துக்குப் போக வேண்டும். அந்தப் பலகைதான் படிக்க முடியவில்லை. திரையின் நடுவில் பரவாயில்லை, ஓரத்தில் இருந்தால் எழுத்துக்கு ஒரு பக்கம் சிவப்பு, மறுபக்கம் நீலப்பச்சை. அதற்கு மேல் மணல் தூவியது போல் ஒரு கிரெயின், விளக்கைச் சுற்றிப் புகை போல ப்ளூம்.

மெனுவில் மோஷன் ப்ளர் அணைக்க வழி இருக்கிறது. மற்றதெல்லாம் Post Processing என்ற ஒரே வரியில் Low, Medium, High என்று கிடக்கிறது. ரெசல்யூஷன் ஸ்கேல் 75%, இல்லாவிட்டால் ஓடாது. இவற்றை ஒவ்வொன்றாக அணைக்க வழி உண்டா? அணைத்தால் வேகம் எவ்வளவு கூடும்?

லயம்_ராஜா · 07.06.2024, இரவு 11:02

எல்லாவற்றையும் அணைத்துவிடு மச்சான், யோசிக்காதே. நான் Post Processing Low வைத்தேன், எஃப்.பி.எஸ். பறக்குது லா. இந்த கிரெயின்தான் கார்டைத் தின்கிறது. ஒவ்வொரு ஃபிரேமுக்கும் லட்சக்கணக்கான புள்ளி புதிதாகப் போட வேண்டும் அல்லவா.

ஓய்வு_கிராணி · 08.06.2024, காலை 6:55

தம்பி, எனக்கும் இதே தொல்லை. பெரிய எழுத்துப் பலகை எதைப் பார்த்தாலும் ஓரத்தில் சிவப்பும் நீலமும் தெரிகிறது. கேம் ஆடுவதில்லை, தோட்டத்துக் கணக்கு எக்செல்லில் பார்க்கிறேன். போன மாதம் புதுக் கண்ணாடி போட்ட பிறகுதான் இப்படி. கம்ப்யூட்டரில் எதை அணைக்க வேண்டும்?

தேவி_பி · 08.06.2024, மதியம் 1:20

மூன்று பேருக்கும் மூன்று பதில்.

கிராணி ஐயா, உங்களுடையது கண்ணாடியாக இருக்கத்தான் அதிக வாய்ப்பு. எழுத்தை அசைக்காமல் தலையை மட்டும் இடமும் வலமும் திருப்பிப் பாருங்கள். கண்ணாடியின் ஓரம் வழியாகப் பார்க்கும்போது நிறம் கூடி, நேராகப் பார்க்கும்போது போய்விட்டால் அது லென்ஸ். பாலிகார்பனேட் லென்ஸில் நிறம் பிரிவது அதிகம். அதன் ஆபே எண் ஏறக்குறைய 30, சாதாரண சி.ஆர்.-39 பிளாஸ்டிக்குக்கு 58 வரும். எண் குறையக் குறைய நிறம் அதிகமாகச் சிதறும். எந்த மெட்டீரியல் போட்டார்கள் என்று கண்ணாடிக் கடையில் கேளுங்கள்.

குமார், உன்னுடையதைச் சோதிக்க ஸ்கிரீன்ஷாட் எடுத்து, 400% பெரிதாக்கிப் பார். நிறம் படத்திலேயே இருந்தால் கேம் செய்கிறது. படத்தில் இல்லாமல் கண்ணுக்கு மட்டும் தெரிந்தால் மானிட்டர், அல்லது கிராணி ஐயாவின் கதை.

ராஜா, Low வைத்தால் வேகம் கூடும் என்பது சரி. ஆனால் அதைத் தருவது கிரெயின் இல்லை. அன்ரியலில் அந்த ஒரு வரிக்குள் ஆம்பியன்ட் அக்லூஷன், டெப்த் ஆஃப் ஃபீல்டு, மோஷன் ப்ளர் எல்லாம் சேர்ந்து கிடக்கின்றன. எடை அவற்றில்தான். கிரெயின், எழுத்துக்கு நிற விளிம்பு போடும் குரோமாட்டிக் அபெரேஷன் என்ற சி.ஏ., ஓர இருட்டு மூன்றும் கடைசி டோன்மேப்பர் வேலையோடு வேலையாக முடிந்துவிடும். இன்னொன்று, ராஜா கவனித்திருக்க மாட்டாய்: என்ஜினோடு வரும் அமைப்பில் Low வைத்தாலும் ப்ளூம் அணையாது. தரம் 5-இலிருந்து 4-க்கு இறங்கும், அவ்வளவுதான். கேம் செய்தவர்கள் தனியாக மாற்றியிருந்தால் வேறு கதை.

சிப்புட்_குமார் · 08.06.2024, இரவு 9:15

ஸ்கிரீன்ஷாட் எடுத்தேன் அக்கா. மருந்துக்கடைப் பலகை, திரையின் வலது ஓரம். எழுத்து 14 பிக்சல் உயரம்தான். சிவப்பு விளிம்புக்கும் நீலப்பச்சை விளிம்புக்கும் இடையே 5 பிக்சல். எழுத்தின் ஒரு கோடே அவ்வளவு தடிமன் இல்லை. அப்புறம் எங்கே படிப்பது. அதே பலகையை நடுவுக்குக் கொண்டுவந்தால் நிறம் சுத்தமாகப் போய்விடுகிறது. கீழே இருக்கும் தோட்டா எண்ணிக்கை, மேப் இவற்றில் ஓரத்திலும் நிறமே இல்லை.

தேவி_பி · 08.06.2024, இரவு 9:48

அதுதான் அடையாளம். மெனுவும் மேப்பும் எல்லாம் முடிந்த பிறகு மேலே வரையப்படுபவை, லென்ஸ் வித்தை அவற்றைத் தொடாது. காட்சிக்குள்ளே இருக்கும் பலகை மாட்டிக்கொள்ளும்.

சி.ஏ. செய்வது இதுதான்: முடிந்த படத்திலிருந்து சிவப்பு, பச்சை, நீலத்தைத் தனித்தனி இடத்திலிருந்து எடுத்து ஒட்டுகிறது. நடுவில் விலகல் பூஜ்யம், ஓரத்துக்குப் போகப் போக விலகல் கூடும். படத்தை ஒரு முறை படிப்பதற்குப் பதில் சில முறை படிக்கிறது. அதனால்தான் அணைத்தாலும் பெரிதாக மிச்சமாகாது.

முகவரி இது. கேம் பெயருள்ள ஃபோல்டரை நீயே கண்டுபிடி:

```
%LOCALAPPDATA%\<கேம்>\Saved\Config\WindowsNoEditor\Engine.ini
```

ஃபைலின் கடைசியில் இதைச் சேர். முதலில் ஒரு நகல் எடுத்து வைத்துக்கொள்:

```
[SystemSettings]
r.SceneColorFringeQuality=0
r.Tonemapper.Quality=1
r.LensFlareQuality=0
```

முதல் வரி சி.ஏ.வுக்கு. இரண்டாவது கிரெயினையும் ஓர இருட்டையும் சேர்த்து எடுத்துவிடும். மூன்றாவது லென்ஸ் ஃப்ளேருக்கு. ப்ளூமை வேண்டுமென்றே விட்டிருக்கிறேன், அதைத் தனியாகப் பார். இந்த இடத்தில் எழுதியது மெனுவில் உள்ள Low, High-ஐ விட மேல்நிலை, எனவே மெனுவில் எதை மாற்றினாலும் இவை திரும்பி வராது.

வீடியோ_முரளி · 08.06.2024, இரவு 11:30

இடையில் புகுந்ததற்குக் கோபிக்காதீர்கள். நான் கல்யாணம், திருவிழா வீடியோ எடுப்பவன். ஓரத்தில் ஊதா விளிம்பு வரக் கூடாது என்பதற்காகவே லென்ஸுக்கு ஆயிரக்கணக்கில் ரிங்கிட் கொட்டுகிறேன். 1758-இல் டாலண்ட் இரண்டு வகைக் கண்ணாடியைச் சேர்த்து அதைக் குறைக்கும் லென்ஸுக்கு லண்டனில் காப்புரிமை வாங்கினார். அன்றிலிருந்து லென்ஸ் செய்பவர்கள் துரத்திக்கொண்டிருக்கும் குறையை, லென்ஸே இல்லாத கேமில் கூப்பிட்டு உட்கார வைத்திருக்கிறார்கள்.

ஆனால் கிரெயினைத் திட்டாதீர்கள். கொஞ்சம் இருந்தால்தான் படம் உயிரோடு இருக்கும். இரவுக் காட்சியில் வானம் பட்டை பட்டையாகப் பிரிவதை மறைப்பதும் அதுதான்.

லயம்_ராஜா · 09.06.2024, காலை 12:10

உயிரோடு இருக்கட்டும் அண்ணே, எதிரியைப் பார்த்துச் சுட முடியவில்லையே.

சிப்புட்_குமார் · 09.06.2024, மாலை 4:33

செய்தாயிற்று. சேமித்து, கேமை மூடித் திறந்தேன். முதல் தடவை ஒன்றும் மாறவில்லை, காரணம் கேம் திறக்கும்போதே ஃபைலைத் திரும்ப எழுதிவிட்டது. மறுபடி சேர்த்து, ஃபைலின் Properties-இல் Read-only டிக் போட்டேன். அப்புறம் நின்றது.

மருந்துக்கடைப் பலகை ஓரத்திலும் படிக்க முடிகிறது! கதவுச் சட்டம், மின்கம்பம், மழைக்கம்பி எல்லாம் ஒரே கோடாக இருக்கின்றன. இத்தனை நாள் மானிட்டரைத் திட்டினேன்.

வேகம்தான் ஏமாற்றம். V-Sync அணைத்து, ஒரே இடத்தில் நின்று, ஆஃப்டர்பர்னரில் ஃபிரேம் நேரம் பார்த்தேன். முன்பு 21.9 மில்லி செகண்டு, இப்போது 21.8. இதற்கா இவ்வளவு பாடு?

தேவி_பி · 09.06.2024, மாலை 5:05

0.1 மிச்சம் என்றால் 45.7 எஃப்.பி.எஸ். 45.9 ஆகிறது. அளவீட்டுப் பிழைக்குள்ளேயே மறைந்துவிடும். இதை வேகத்துக்காகச் செய்வதில்லை. செலவே இல்லாமல் தெளிவு கிடைக்கிறது, அதற்காகச் செய்வது.

V-Sync அணைத்தது நல்லது. அது ஓடிக்கொண்டிருந்தால் இவ்வளவு சின்ன வித்தியாசம் வெளியே தெரியவே தெரியாது.

இப்போது ப்ளூமைப் பார்:

```
r.BloomQuality=0
```

சிப்புட்_குமார் · 09.06.2024, இரவு 8:50

ப்ளூம் அணைத்ததும் 21.2. அதாவது 47.2 எஃப்.பி.எஸ். கொஞ்சம் கணக்கில் வருகிறது.

படம்? பாதி சந்தோஷம். முன்பு வெளிச்சப் பலகையின் கறுப்பு எழுத்துக்குள் வெள்ளை வழிந்து உள்ளே ஊறிப்போயிருந்தது, இப்போது எழுத்து கறுப்பாகவே நிற்கிறது. பலகை மட்டுமல்ல, மொத்தப் படத்திலும் ஒரு மெல்லிய மூடுபனி விலகியது போல் இருக்கிறது. ஆனால் தெருவிளக்கு வெள்ளைக் காகிதத்தை வட்டமாக வெட்டி ஒட்டியது போல் ஆகிவிட்டது. எரிகிறதா, எரியாத பல்பா என்றே தெரியவில்லை. அதை ஓரளவுக்கு மட்டும் குறைக்க 2 அல்லது 3 போடலாமா?

தேவி_பி · 09.06.2024, இரவு 9:22

போடலாம், ஆனால் நீ நினைப்பது நடக்காது. அந்த எண் தரத்துக்கானது, அளவுக்கானது அல்ல. மங்கலாக்கும் படிகள் குறையும், பரவலின் வடிவம் மாறும். ப்ளூம் எவ்வளவு பலமாக இருக்க வேண்டும் என்பது ஒவ்வொரு காட்சிக்கும் கேம் செய்தவர்கள் வைத்த மதிப்பு. அதை இந்த ஃபைலிலிருந்து எளிதில் தொட முடியாது.

மூடுபனி விலகியது உன் பிரமை இல்லை. எவ்வளவு வெளிச்சத்துக்கு மேல் ப்ளூம் தொடங்க வேண்டும் என்ற வரம்பு அன்ரியலில் -1. அப்படியே விட்டால், பிரகாசமான இடங்கள் மட்டுமல்ல, எல்லாப் பிக்சலும் தன் வெளிச்சத்தில் சிறிது பக்கத்துக்குக் கொடுக்கும். இருட்டான இடம் கொஞ்சம் வெளிறும், கான்ட்ராஸ்ட் இறங்கும்.

தெருவிளக்கு காகிதமானதற்குக் காரணம், மானிட்டர் காட்டக்கூடிய அதிகபட்ச வெள்ளையைச் சுவரும் தொட்டுவிடுகிறது, விளக்கும் தொட்டுவிடுகிறது. இரண்டில் எது உண்மையில் கண்ணைக் கூச வைக்கும் என்று சொல்ல இருக்கும் ஒரே வழி சுற்றியுள்ள ஒளிவட்டம். சி.ஏ.வை அணைத்தால் எந்தத் தகவலும் போகாது. ப்ளூமை அணைத்தால் ஒரு தகவல் போகிறது. அதனால்தான் தனியாக வைத்தேன்.

லயம்_ராஜா · 09.06.2024, இரவு 9:40

நான் 0. வட்டம் காகிதமாக இருந்தால் இருக்கட்டும்.

வீடியோ_முரளி · 10.06.2024, காலை 7:18

விளக்கைச் சுற்றி ஒளி பரவுவது கேமராவுக்கு மட்டும் உள்ள நோய் இல்லை, கண்ணுக்குள்ளும் நடக்கும். மழை நாளில் பைக் ஹெல்மெட் கண்ணாடி வழியாக எதிர் லாரி விளக்கைப் பார்த்தவனுக்குத் தெரியும். நான் ப்ளூமை விட்டுவைப்பேன்.

சிப்புட்_குமார் · 10.06.2024, இரவு 10:05

இப்போதைக்கு ப்ளூமைத் திருப்பி வைத்துவிட்டேன். பலகை படிக்க வேண்டிய அத்தியாயம் வந்தால் அணைக்கலாம் என்று யோசனை. அதற்கு ஒவ்வொரு முறையும் கேமை மூட வேண்டும், சோம்பேறித்தனம்.

இன்னொரு சந்தேகம். கிரெயின் அணைக்கும் முன் எடுத்த ஸ்கிரீன்ஷாட்டைப் பெரிதாக்கிப் பார்த்தேன். புள்ளி பொடியாக இல்லை, கொழகொழவென்று கட்டி கட்டியாக இருக்கிறது. தங்கச்சி லேப்டாப்பில் அதே கேமில் நைசாக இருக்கிறது. அவள் 100%, நான் 75%. அதுவா?

தேவி_பி · 10.06.2024, இரவு 10:52

அதுவேதான், நல்ல கண் உனக்கு.

75% என்றால் 1440க்கு 810-இல் வரைந்து 1920க்கு 1080 ஆக இழுக்கிறது. உன் கேம் பழைய முறையில் இழுக்கிறது போலிருக்கிறது: டோன்மேப்பர், கிரெயின், சி.ஏ. எல்லாம் சின்னப் படத்தில் முடிந்த பிறகு மொத்தமாக நீட்டுகிறது. அப்போது ஒரு பிக்சல் கிரெயின் ஒன்றேகால் பிக்சலுக்கு மேல் விரிந்து, பக்கத்துப் புள்ளியோடு கலந்து கட்டியாகும். டெம்பரல் முறையில் பெரிதாக்கும் கேம்களில் பெரிதாக்கிய பிறகுதான் கிரெயின் விழும், அங்கே நைசாகவே இருக்கும். ஏ.எம்.டி.யும் தன் பெரிதாக்கும் முறையான எஃப்.எஸ்.ஆர். பயன்படுத்துபவர்களிடம் கிரெயின், சி.ஏ. போன்றவற்றைப் பெரிதாக்கிய பின் போடுங்கள் என்றுதான் சொல்கிறது.

டிரைவரில் ஷார்ப்பனிங் ஏதாவது வைத்திருக்கிறாயா?

சிப்புட்_குமார் · 10.06.2024, இரவு 10:58

50%.

தேவி_பி · 10.06.2024, இரவு 11:14

பிறகென்ன. ஷார்ப்பனிங்குக்கு எது எழுத்து, எது கிரெயின் என்று தெரியாது. கட்டியான கிரெயினையும் சி.ஏ.வின் சிவப்பு விளிம்பையும் சேர்த்துத் தீட்டிக் கொடுத்திருக்கும். இப்போது இரண்டும் இல்லை, எனவே ஷார்ப்பனிங்கைப் பாதியாக இறக்கிப் பார். முன்பு 50% கேட்டதே மங்கலைச் சரிக்கட்டத்தான்.

வேகம் வேண்டுமென்றால் மெனுவில் Post Processing Low வை, வந்த நேரத்தை ரெசல்யூஷனில் செலவழி.

சிப்புட்_குமார் · 11.06.2024, இரவு 9:37

Low வைத்ததும் 18.3 மில்லி செகண்டு, 54.6 எஃப்.பி.எஸ். ராஜா சொன்ன பறத்தல் இதுதான் போல. மூலைகளில் நிழல் போய், மேசை நாற்காலி எல்லாம் தரையில் ஒட்டாமல் மிதக்கின்றன. பழகிவிட்டது.

ரெசல்யூஷனை 85% ஆக்கினேன். 1632க்கு 918. பிக்சல் கணக்கில் 28% கூடுதல். மறுபடி 21-க்குப் பக்கத்தில் வந்து நின்றது. பழைய வேகம்தான், ஆனால் இரண்டு படத்தையும் பக்கத்தில் வைத்தால் ஒரே கேம் என்று சொல்ல முடியாது. ஷார்ப்பனிங் 20%.

லயம்_ராஜா · 11.06.2024, இரவு 9:55

பார்த்தாயா, நான் முதலிலேயே Low என்றேன். அக்கா, நான் ஆடும் ஆன்லைன் ஷூட்டரிலும் இந்த வரிகளைப் போடலாமா? அதுவும் அன்ரியல்தான்.

தேவி_பி · 11.06.2024, இரவு 10:20

போடாதே. ஃபைலை மாற்றினால் ஏமாற்று என்று கணக்கை முடக்கும் கேம்கள் உண்டு, படிக்காமலே விட்டுவிடும் கேம்களும் உண்டு. முதலில் அவர்கள் விதியைப் படி. மெனுவில் உள்ளதை மட்டும் தொடு.

ஓய்வு_கிராணி · 13.06.2024, காலை 7:10

தேவி சொன்னபடி தலையைத் திருப்பிப் பார்த்தேன், நிறம் தலையோடு சேர்ந்து வருகிறது. கடையில் கேட்டேன், பாலிகார்பனேட்தான். மாற்றித் தர மாட்டார்களாம், பழகிவிடும் என்கிறார்கள். உங்கள் ini ஃபைல் போல இதற்கும் ஏதாவது இருந்தால் சொல்லுங்கள்.

சிப்புட்_குமார் · 22.06.2024, இரவு 11:26

முரளி அண்ணன் சொன்ன பட்டை வந்துவிட்டது. கதையில் விடியற்காலை ஒன்று வருகிறது, முதல் முறையாக வானம் தெரிகிறது. நீலத்திலிருந்து ஆரஞ்சுக்கு வரும் இடத்தில் படிப்படியாக வளையங்கள். கிரெயின் திருப்பி வைத்தால் மறைகிறது.

தேவி_பி · 23.06.2024, காலை 11:02

இந்த வரி உன் ஃபைலில் 0 என்று இருக்கிறதா பார். சிலர் இணையத்தில் பரப்பும் பட்டியல்களில் 0 என்று சேர்த்துவிடுகிறார்கள்:

```
r.Tonemapper.GrainQuantization=1
```

பெயரில் கிரெயின் இருந்தாலும் இது அந்த மணல் இல்லை. 8 பிட்டில் நிறம் படியாக உடைவதை மறைக்க மிக நுண்ணிய ஒரு புள்ளிக்கோலம், கண்ணுக்குத் தனியாகத் தெரியாது. 1 ஆகவே இருக்க வேண்டும்.

சிப்புட்_குமார் · 23.06.2024, இரவு 8:44

0 தான் இருந்தது, வேறு ஒரு பட்டியலிலிருந்து ஒட்டியது. 1 ஆக்கியதும் பெரும்பாலான வளையம் போய்விட்டது. கொஞ்சம் மிச்சம் இருக்கிறது. மானிட்டர் 6 பிட் பேனலோ என்னவோ.

வீடியோ_முரளி · 23.06.2024, இரவு 9:30

அந்த மிச்சத்துக்குத்தான் நான் கிரெயின் வேண்டும் என்கிறேன்.

சிப்புட்_குமார் · 03.08.2024, இரவு 10:19

புது அப்டேட்டில் கேமை அன்ரியல் 5-க்கு மாற்றிவிட்டார்கள். ஃபோல்டர் பெயரும் WindowsNoEditor போய் வெறும் Windows. பழைய ஃபைலை அப்படியே நகல் செய்து போட்டேன். சி.ஏ. போய்விட்டது, கிரெயின் மட்டும் போகவில்லை.

தேவி_பி · 03.08.2024, இரவு 10:47

5-இல் கிரெயினுக்குத் தனி வரி. பழையதோடு சேர்த்து இதையும் போடு:

```
r.FilmGrain=0
```

சிப்புட்_குமார் · 04.08.2024, மாலை 6:12

போயிற்று. இப்போது மெனுவில் ப்ளூமுக்கு ஒரு ஸ்லைடரும் வந்திருக்கிறது, 0 முதல் 100 வரை. 30-இல் வைத்திருக்கிறேன்.

லயம்_ராஜா · 04.08.2024, மாலை 6:20

0.